வர்றேன்னு வாயால சொல்லிட்டேன், இப்ப வரலைன்னு முதலாளிக்கு லெட்டர் எழுதணும், எப்படி எழுதறது?

லேப்டிப் · வியாழன் இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. போன வாரம் வேற ஒரு கம்பெனி முதலாளி கூப்ட்டு பேசினாரு. எங்களுக்கு பட்டன் ஜிப்பர் சப்ளை பண்ற அண்ணன் ஒருத்தர்தான் என் பேரைச் சொல்லிவிட்டாரு. எனக்கு இப்ப 32,000, அவரு 42,000 சொன்னாரு. சாம்பிள் ரூமுக்கு அவரே கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுனாரு, டீ வரவெச்சாரு, நீ வந்தா புதுசா வர்ற ஐரோப்பா பையரை உன் கைலயே குடுத்துடறேன்னாரு. நானும் அந்த வேகத்துல "வந்துடறேன் சார்"னு சொல்லிட்டேன்.

9ஆம் தேதி திங்கக்கெழமை ஆஃபர் லெட்டர் கைல குடுத்தாங்க. ஒரு காப்பில கையெழுத்து போட்டு 14ஆம் தேதி சனிக்கெழமைக்குள்ள திருப்பிக் குடுக்கணும். அடுத்த மாசம் 1ஆம் தேதி ஜாயினிங்.

செவ்வாய்க்கெழமை எங்க எம்.டி.கிட்ட போய் கிளம்பறேன்னு சொன்னேன். அவரு கோபப்படல, ஒரு நாள் டைம் குடுன்னாரு. அடுத்த நாள் கூப்ட்டு ப்ராடக்ட் டெவலப்மெண்டை தனி டிபார்ட்மெண்டா ஆரம்பிக்கறோம், நீயே பாத்துக்கோ, சம்பளம் 38ன்னாரு. நான் மூணு வருஷமா வாய்விட்டு கேட்டுட்டு இருந்தது அந்த வேலையத்தான். 4,000 கம்மிதான், ஆனாலும் இங்கயே இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன், அதுல மாத்தம் இல்ல.

இப்ப பிரச்சனை அந்த முதலாளி. இந்த ஊரு எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும், நாளைக்கே ஏதாவது டையிங்ல அவரு எதுக்க வந்து நிப்பாரு. லெட்டர் தமிழ்ல எழுதணும், இங்கிலீஷ்ல மெயில் போட்டா ஆபீஸ் பொண்ணை கூப்ட்டு படிக்கச் சொல்வாரு, அப்பறம் ஆபீஸ் முழுக்க தெரிஞ்சிரும். நான் எழுதி வெச்சது இது, சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மேலான நிறுவனத்தில் பணிபுரியக் கிடைத்த பொன்னான வாய்ப்பிற்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக தற்சமயம் பணியில் சேர இயலாத நிலையில் உள்ளேன் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறேன். வருங்காலத்தில் வாய்ப்பு அமைந்தால் கண்டிப்பாக தங்களுடன் பணிபுரிய விரும்புகிறேன். சிரமத்திற்கு மன்னிக்கவும்.

கணக்குப்பிள்ளை · வியாழன் 9:58

சூப்பரா இருக்கு ப்ரோ, அப்படியே அனுப்பிருங்க. குடும்பச் சூழ்நிலைன்னு போட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க, நம்ம ஊர்ல அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. வேணும்னா "தந்தையாரின் உடல்நிலை"ன்னு சேத்துக்கோங்க, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்.

ஓஎம்ஆர்_வாசி · வியாழன் 10:05

நோட்டீஸ் பீரியட் எவ்ளோ உங்களுக்கு? எங்க கம்பெனில 90 நாள், பைஅவுட்டும் கிடையாது, நான் ரிசைன் பண்ணப்போ ரிலீவிங் லெட்டர் வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. மொதல்ல ரிசிக்னேஷன் மெயில்ல லாஸ்ட் வொர்க்கிங் டே தெளிவா போடுங்க, எச்.ஆரை சிசில வைங்க.

லேப்டிப் · வியாழன் 10:09

ப்ரோ நான் ரிசைன் பண்ணல, சேரப்போறதில்லைன்னு சொல்லணும் 😅

ஓஎம்ஆர்_வாசி · வியாழன் 10:11

அய்யோ சாரி, பாதிதான் படிச்சேன். அப்ப ஈசி, ஜாயின் பண்ற அன்னைக்கு போன் எடுக்காம விட்ருங்க. இங்க அதான் பண்றாங்க 🤷 எச்.ஆரே பழகிட்டாங்க.

ராத்திரி ஷிப்மென்ட் · வியாழன் 10:30

தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணிராதீங்க. நான் பண்ணிருக்கேன். 2016ல ஒரு கம்பெனில சேர்றேன்னு சொல்லிட்டு 1ஆம் தேதி போன ஆஃப் பண்ணி வெச்சுட்டேன், சின்ன வயசு, எப்படி சொல்றதுன்னே தெரியல, ரெண்டு நாள் அவங்க மிஸ்டுகால் 14 இருந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு நான் இருந்த கம்பெனிக்கு ஒரு பையிங் ஆபீஸ்ல இருந்து கியூசி மேனேஜர் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரு, பாத்தா அந்த பழைய கம்பெனில என்னை இன்டர்வியூ பண்ணவரு. அவரு ஒண்ணுமே சொல்லல, பேரைக் கேட்டாரு, சொன்னேன், "ம்ம், ஞாபகம் இருக்கு"ன்னாரு. அவ்ளோதான். அன்னைக்கு இன்ஸ்பெக்ஷன் முடியற வரைக்கும் எனக்கு வயித்த கலக்கிட்டே இருந்துச்சு. சாதாரணமா விட்டுடற நூல் பிசிருக்கு கூட நான்தான் போய் போய் விளக்கம் குடுத்துட்டு இருந்தேன்.

மல்லிப்பூ_எச்ஆர் · வியாழன் 11:15

நான் பனியன் கம்பெனிகள்ல 22 வருஷம் எச்.ஆர். பாத்துட்டு இப்ப வீட்ல இருக்கேன் தம்பி. இந்த மாதிரி லெட்டர் ஒரு ஃபைல் நெறைய படிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உன் லெட்டர்ல முதலாளி கண்ணுக்கு ரெண்டே வார்த்தைதான் தெரியும். "குடும்பச் சூழ்நிலை", "தற்சமயம்". படிச்ச உடனே போன் பண்ணுவாரு, "என்ன தம்பி வீட்ல என்ன பிரச்சனை, பரவால்ல பதினஞ்சாம் தேதி வந்து சேந்துக்கோ, அட்வான்ஸ் ஏதாவது வேணுமா"ன்னு கேப்பாரு. நல்ல மனுஷனா இருந்தா கண்டிப்பா கேப்பாரு. அப்ப நீ என்ன சொல்லுவ? இன்னொரு பொய் சொல்லணும். நீ வேலைய வேணாம்னு சொல்லவே இல்லப்பா, தள்ளிப் போடச் சொல்லி கேட்டிருக்க. அவரும் வேற ஆள் பாக்காம உனக்காக எடத்தை வெச்சுட்டு காத்திருப்பாரு, அதுதான் அவருக்கு நீ பண்ற பெரிய கெடுதல்.

குடும்பம்ங்கற காரணம் உண்மையா இருந்தா எழுது, தப்பே இல்ல. உனக்கு பொய். நீ அதே கம்பெனில ப்ராடக்ட் டெவலப்மெண்ட் ஹெட்டுன்னு ஒரு மாசத்துல எல்லாருக்கும் தெரியும். உங்க ரெண்டு கம்பெனிக்கும் அந்த பட்டன்காரர் ஒருத்தர்தான். அவரு டீ குடிக்கறப்போ சொல்லிருவாரு. அப்பா உடம்பு சரியில்லன்னு வேற போட்டுட்டா கேக்கவே வேணாம், அவரு பழம் வாங்கிட்டு வீட்டுக்கே வந்தாலும் வருவாரு.

காரணம் எழுதறதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. நீ எந்தக் காரணத்தை எழுதறயோ அதுக்குத்தான் பதில் வரும். சம்பளம்னு எழுதுனா ஏத்திக் கேப்பாங்க, தூரம்னு எழுதுனா வண்டி தர்றேம்பாங்க, தேதின்னு எழுதுனா தேதிய மாத்துவாங்க. பேரம் பேசறதுக்கு எடம் இல்லாத காரணமா, அதே நேரத்துல உண்மையானதா எழுதணும். உன்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கு: "நான் ரொம்ப நாளா கேட்ட வேற வகையான வேலை இங்கயே கிடைச்சிருக்கு." அதுக்கு மேல ஒரு வரி வேணாம்.

அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லு. ஆஃபர் லெட்டர் தவிர அவங்ககிட்ட இருந்து வேற ஏதாவது கைல வாங்குனியா?

காடா துணி · வியாழன் 11:40

அக்கா சொன்னது சரி, ஆனா ஒண்ணு சேத்துக்கறேன். நான் சின்னதா நிட்டிங் வெச்சிருக்கேன், 12 மெஷின். என்கிட்டயும் சேர்றேன்னு சொல்லிட்டு வராம போனவங்க உண்டு. எனக்கு வருத்தம் அவன் வராததுல இல்லைங்க, அவனுக்காக நான் வேணாம்னு சொன்ன ரெண்டாவது ஆளை நெனச்சுத்தான். திங்கக்கெழமையே சொல்லிருந்தா செவ்வாய்க்கெழமை அந்த ஆளைக் கூப்ட்டிருப்பேன். வெள்ளிக்கெழமை சொன்னா அவன் வேற எடத்துல சேந்துட்டான். அதனால லெட்டர் எவ்ளோ அழகா இருக்குன்னு மண்டைய ஒடச்சுக்காதீங்க, நாளைக்கு காலைல மொத வேலையா போன் பண்ணுங்க. சனிக்கெழமை வரைக்கும் டைம் இருக்கேன்னு இழுக்காதீங்க.

அப்பறம் இது கவுண்டர் ஆஃபர்தானே? அந்த முதலாளி எடத்துல இருந்து பாருங்க, அவரு ஆஃபர் லெட்டரை காட்டி நீங்க 6,000 ஏத்திக்கிட்டீங்க. அவருக்கு அப்படித்தான் தோணும். தோணக்கூடாதுன்னு நீங்க ஆசப்படலாம், ஆனா தோணும்.

லேப்டிப் · வியாழன் 11:52

நான் லெட்டரை காட்டலைங்க, போறேன்னு மட்டும்தான் சொன்னேன். ஆனா நீங்க சொல்றது புரியுது.

அக்கா, ஆமா வாங்கிருக்கேன். முன்னாடியே பாத்து வெச்சுக்கோன்னு அந்தப் புது பையரோட டெக் பேக், அப்பறம் அவங்க போட்ட காஸ்ட் ஷீட் ரெண்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிருந்தாங்க. ஒரிஜினல் சாம்பிள் ரெண்டு பீஸ் கையில குடுத்தாங்க, ஒரு ஹூடி, ஒரு டீ ஷர்ட். வீட்ல இருக்கு.

மல்லிப்பூ_எச்ஆர் · வெள்ளி காலை 6:20

அப்படிப் போடு. ராத்திரி தூங்கிட்டேன், இப்பதான் பாத்தேன். உன் லெட்டர்ல இருக்க வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான் தம்பி, நன்றி மன்னிப்பெல்லாம் அப்பறம்.

நீ சேராம இருந்தா அவருக்கு ஒரு ஆள் குறையுது, அது ஒரு மாசத்துல மறந்துரும். ஆனா நீ இருக்கறது போட்டிக் கம்பெனில. ஒரு பீஸுக்கு துணி எத்தனை கிராம் எடுக்குது, நூல் என்ன விலைக்கு வாங்கறாங்க, டையிங் காம்பாக்டிங்குக்கு என்ன குடுக்கறாங்க, வேஸ்ட்டு எவ்ளோ போடறாங்க, கடைசில எவ்ளோ லாபம் வெச்சு பையருக்கு எஃப்ஓபி விலை சொல்றாங்க, எல்லாம் அந்த ஒரு ஷீட்டுல இருக்கு. அது இப்ப உன் போன்ல இருக்கு. லெட்டரை படிச்சு முடிச்சதும் அவரு மனசுல வர்ற மொத கேள்வி "அய்யோ, அந்த ஷீட்டை இவன்கிட்ட குடுத்துட்டமே"ங்கறதுதான். அவரு வாய்விட்டு கேக்க மாட்டாரு, கேட்டா அசிங்கம். அவரு கேக்காமயே நீ பதில் சொல்லிரு.

எங்கெங்க இருக்குன்னு மொதல்ல தேடு. வாட்ஸ்அப் சாட்ல அழிச்சா மட்டும் போறாது, போன்ல டாக்குமெண்ட் ஃபோல்டர்ல தனியா உக்காந்திருக்கும். பேக்கப்ல இருக்கும். நீ யாருக்காச்சும் ஃபார்வர்ட் பண்ணியா, பிரிண்ட் எடுத்தியா, யோசிச்சுப் பாரு.

லேப்டிப் · வெள்ளி 6:48

அக்கா ஒரு தப்பு நடந்துருச்சு. செவ்வாய்க்கெழமை மத்தியானம் ஆபீஸ் சிஸ்டத்துல வாட்ஸ்அப் வெப் போட்டு அந்த ஷீட்டை ஓபன் பண்ணேன், போன்ல எக்செல் தெரியல. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்கும். அந்த சிஸ்டத்தை நானும் இன்னொரு ஜூனியர் பொண்ணும் யூஸ் பண்றோம்.

காடா துணி · வெள்ளி 7:02

🤦

மல்லிப்பூ_எச்ஆர் · வெள்ளி 7:10

சரி சரி, பதறாத. ஆபீஸ் போன உடனே மொத வேலையா அதை எடுத்துரு, ரீசைக்கிள் பின்லயும் எடு. அதுக்கப்பறம் போன் பண்ணு. "அழிச்சுட்டேன்"னு சொல்றப்போ அது நெஜமா இருக்கணும்.

போன்ல என்ன பேசணும்னும் சொல்லிடறேன். சுத்தி வளைக்காத. "சார், உங்ககிட்ட வர்றேன்னு சொல்லிருந்தேன், என்னால வர முடியல, லெட்டர்ல தெரியறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நேரா சொல்லணும்னு கூப்ட்டேன்." இதை மொத அரை நிமிஷத்துல சொல்லிரு. வணக்கம் நல்லாருக்கீங்களா ஷிப்மென்ட் எப்படி போகுதுன்னு ஆரம்பிச்சா அவரு சந்தோஷமா பேச ஆரம்பிச்சிருவாரு, அப்பறம் உனக்கு வாய் வராது. அவரு எவ்ளோ தர்றாங்கன்னு கண்டிப்பா கேப்பாரு. "உங்களை விட கம்மிதான் சார்"னு சொல்லு, அது உண்மை, அதோட பேரம் முடிஞ்சிரும். உங்க எம்.டி. குடுத்த நம்பரை வெளிய சொல்லாத.

அதுக்கும் முன்னாடி பட்டன்காரருக்கு ஒரு போன் போட்ரு. அவரு நாக்குல நின்ன விஷயம் இது. முதலாளி அவரைக் கூப்ட்டு "என்னய்யா இப்படி ஆள அனுப்பிருக்க"ன்னு கேக்கறப்போ அவருக்கு ஒண்ணும் தெரியாம இருந்தா அந்த மனுஷன் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெப்பாரு.

கணக்குப்பிள்ளை · வெள்ளி 8:15

ஓகே குடும்ப மேட்டர் வேணாம்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு ஐடியா, லெட்டர்லயே வேற ஒரு ஆளை ரெகமெண்ட் பண்ணிட்டா அவருக்கும் வேலை முடிஞ்சிரும், நமக்கும் நல்ல பேரு. உங்க ஆபீஸ்லயே யாராவது மெர்ச்சண்டைசர் இருப்பாங்கல்ல?

மல்லிப்பூ_எச்ஆர் · வெள்ளி 8:22

ஏம்ப்பா, இப்பதான் எம்.டி. டிபார்ட்மெண்டே குடுத்திருக்காரு, அவரு ஆளையே எடுத்து எதிர்க் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கச் சொல்றியே. அதுவும் எழுத்துல! வெளில இருக்கற யாராவது வேலை தேடிட்டு இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு, முதலாளி கேட்டா மட்டும் வாயால சொல்லலாம். லெட்டர்ல பேரு வரக்கூடாது.

கறுப்பு கோட்டு · வெள்ளி 9:05

வக்கீலுக்குப் படிச்சிட்டு இருக்கேன், சட்டப்படி ஒரு வார்த்தை. கையெழுத்து போட்ட காப்பி இன்னும் குடுக்கலைன்னா உங்க நிலைமை பரவாயில்ல. ஆனா வாயால சரின்னு சொன்னதுக்கும் மதிப்பு உண்டு, 1872 ஒப்பந்தச் சட்டம் எல்லாம் எழுத்துலதான் இருக்கணும்னு சொல்லல. அவங்க லெட்டர்ல "கையெழுத்திட்டு திருப்பினால்தான் செல்லும்"னு இருக்கான்னு பாருங்க. எப்படி இருந்தாலும் ஒருத்தரை இங்க வந்து வேலை செய்யின்னு கோர்ட்டு கட்டாயப்படுத்தாது, அதிகபட்சம் நெஜமா ஆன நஷ்டத்தைக் கேக்கலாம். ஜாயினிங் போனஸ் அட்வான்ஸ்னு ஏதாவது வாங்கிருந்தா அன்னைக்கே திருப்பிருங்க. அப்பறம் லெட்டர்ல "ஒப்பந்தத்தை மீறியதற்கு மன்னிக்கவும்"னு எல்லாம் எழுதாதீங்க.

லேப்டிப் · வெள்ளி 9:20

பணம் எதுவும் வாங்கல. லெட்டர்ல "கையெழுத்திட்ட நகலைப் பெற்ற பின் உறுதி செய்யப்படும்"னு இருக்கு. நான் போடல.

ஆபீஸ்ல ஃபைலை எடுத்துட்டேன், போன்லயும் எடுத்துட்டேன். பட்டன் அண்ணன்கிட்ட பேசிட்டேன், கொஞ்சம் திட்டுனாரு, அப்பறம் "சரி நீயே மொதல்ல சொல்லிரு, நான் அதுக்கப்பறம் பேசிக்கறேன்"னாரு. இப்ப முதலாளிக்கு போன் போடறேன்.

லேப்டிப் · வெள்ளி 10:10

பேசிட்டேன். மொதல்ல ரொம்ப நேரம் சத்தமே இல்ல, கட் ஆயிருச்சோன்னு நெனச்சேன். அப்பறம் "எவ்ளோ தர்றாங்க"ன்னாரு, அக்கா சொன்ன மாதிரியேதான். கம்மிதான் சார்னேன். "கம்மிக்கா இருக்கற?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. ப்ராடக்ட் டெவலப்மெண்ட், புடிச்ச வேலை சார்னேன். "என்கிட்ட கேட்டிருந்தா நானும் பி.டி. போட்டுக் குடுத்திருப்பனே"ன்னாரு, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, சும்மா இருந்தேன். "லெட்டர் எழுதிக் குடுத்துருங்க, ஃபைலுக்கு வேணும்"னு வெச்சுட்டாரு. அது வரைக்கும் வா போன்னு பேசினவரு கடைசில வாங்க போங்கன்னுட்டாரு.

அக்கா சொன்னதை வெச்சு திருப்பி எழுதுனது:

> அன்புள்ள ஐயா,
>
> வணக்கம். இன்று காலை போனில் சொன்னபடி, சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு 9ஆம் தேதி நீங்கள் கொடுத்த ஆஃபரை நான் ஏற்கவில்லை. 1ஆம் தேதி வேலைக்கு வர மாட்டேன். அந்த இடத்துக்கு நீங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.
>
> நான் ரொம்ப நாளாக விரும்பிய ப்ராடக்ட் டெவலப்மெண்ட் வேலை இப்போது இருக்கும் இடத்திலேயே கிடைத்திருக்கிறது. அதனால் எடுத்த முடிவு இது.
>
> வருகிறேன் என்று உங்களிடம் நேரில் சொன்னது நான்தான். அதை நம்பி நீங்கள் மற்றவர்களை நிறுத்தி வைத்திருப்பீர்கள். அதற்காக வருந்துகிறேன்.
>
> நீங்கள் அனுப்பிய டெக் பேக்கையும் காஸ்ட் ஷீட்டையும் என்னிடம் இருந்த எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டேன். யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். ஹூடி, டீ ஷர்ட் சாம்பிள் இரண்டையும் நாளை சனிக்கிழமை மதியத்துக்குள் உங்கள் ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன்.
>
> சாம்பிள் ரூமில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் பழைய பேட்டர்னைத் தேதி போட்டு நீங்கள் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். அதை என் வேலையிலும் பின்பற்றப் போகிறேன். நேரம் ஒதுக்கிக் காட்டியதற்கு நன்றி.
>
> இப்படிக்கு,

மல்லிப்பூ_எச்ஆர் · வெள்ளி 10:45

நல்லாருக்கு தம்பி. "வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்"ங்கறதை எடுத்துரு, அவருக்கு நீ பர்மிஷன் குடுக்கற மாதிரி இருக்கு. "வர மாட்டேன்" கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு, "சேர இயலாது"ன்னு போடு, ஆனா "தற்சமயம்" மறுபடி உள்ள வந்துராம பாத்துக்கோ. சாம்பிள் ரூம் வரி இருக்கட்டும், நீ அங்க போய் வந்தது அவருக்கு வீண் போகலன்னு அது ஒண்ணுதான் காட்டுது. "பொன்னான வாய்ப்பு"ன்னு ஆயிரம் பேரு எழுதிட்டாங்க.

காடா துணி · வெள்ளி 11:00

எனக்கு அந்த வரி புடிக்கலைங்க. நானா இருந்தா "என் கம்பெனில பாத்ததை போய் எதிர்க் கம்பெனில பண்ணப்போறானாம், அதையும் எழுதியே குடுக்கறான்"னு நெனப்பேன். அதுவும் காஸ்ட் ஷீட் பத்தி எழுதுன பாராவுக்கு அடுத்தே.

மல்லிப்பூ_எச்ஆர் · வெள்ளி 11:08

ஹ்ம். அது நான் யோசிக்கல. சரி, "பின்பற்றப் போகிறேன்" வேணாம், "மனதில் நிற்கிறது"ன்னு விட்டுரு.

கறுப்பு கோட்டு · வெள்ளி 11:15

"யாருக்கும் காட்டவில்லை"ன்னு எழுதறீங்களே, அந்த ஜூனியர் பொண்ணு பாத்திருந்தா?

லேப்டிப் · வெள்ளி 11:31

அதான் யோசிச்சுட்டு இருந்தேன். அந்தப் பொண்ணுகிட்ட நேராவே கேக்கலாம்னா, கேட்டாலே என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிரும். செவ்வாய்க்கெழமை மத்தியானத்துக்கு மேல அது டையிங்குக்கு போயிருந்துச்சு, புதன்கெழமை லீவு, நேத்து முழுக்க பேக்கிங்ல இருந்துச்சு. பாத்திருக்க வாய்ப்பு இல்லன்னுதான் நெனக்கறேன். "நான் யாருக்கும் காட்டவில்லை"ன்னு "நான்" சேத்துட்டேன்.

கறுப்பு கோட்டு · வெள்ளி 11:33

வக்கீலுக்கு நீங்க படிச்சிருக்கலாம் 😄

லேப்டிப் · சனி மாலை 4:15

லெட்டரை பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு கவர்ல வெச்சு, சாம்பிள் ரெண்டையும் எடுத்துட்டு மத்தியானம் போனேன். வாட்ஸ்அப்ல பிடிஎஃப் அனுப்பிட்டா போதும்னுதான் நெனச்சேன், ஆனா சாம்பிளுக்கு எப்படியும் போகணும். முதலாளி இருந்தாரு. கவரைப் பிரிச்சு நின்ன வாக்குல படிச்சாரு. காஸ்ட் ஷீட் எடத்துல வந்தப்போ ஒரு தடவ நிமிந்து என்னைப் பாத்துட்டு மறுபடி படிச்சாரு. "சரிங்க"ன்னாரு. அப்பறம் அக்கவுண்ட்ஸ் பையனைக் கூப்ட்டு "ரெண்டு பீஸ் ரிசீவ்டுன்னு டெலிவரி சலான் காப்பில கையெழுத்து போட்டு குடுத்துரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. டீ இல்ல 🙂

ராத்திரி ஷிப்மென்ட் · சனி 4:40

டீ எதிர்பாத்துப் போனீங்களா! கையெழுத்து வாங்கிட்டு வந்தீங்கல்ல, அந்தக் காப்பிய பத்திரமா வைங்க.

காடா துணி · சனி 5:02

நிமிந்து பாத்தாருன்னீங்களே, அந்த வரிக்குத்தான் அவரு கவரைப் பிரிச்சது.

லேப்டிப் · 17 நாள் கழிச்சு, செவ்வாய் இரவு 10:20

பழைய இழையத் தூக்கறதுக்கு மன்னிக்கணும். இன்னைக்கு எங்க எம்.டி. ஒரு என்கொயரிய ஃபார்வர்ட் பண்ணாரு. அதே பையர். அதே ஹூடி, கலர் மட்டும் வேற. பையர் ஒரே ஸ்டைலை நாலஞ்சு கம்பெனிக்கு அனுப்பி விலை கேக்கறது வழக்கம்தான், ஆனா இவ்ளோ சீக்கிரம் என் டேபிளுக்கே வரும்னு நெனக்கல. வியாழக்கெழமைக்குள்ள காஸ்டிங் குடுக்கணும். ஃபைலை அழிச்சுட்டேன், ஆனா அவங்க எஃப்ஓபி என் மண்டைக்குள்ள அப்படியே இருக்கு, அதை எந்த ஃபோல்டர்ல போய் அழிக்கறது? எம்.டி.கிட்ட என்ன சொல்லி இதுல இருந்து ஒதுங்கறது?

கணக்குப்பிள்ளை · செவ்வாய் 10:31

ஒதுங்கறதா? ப்ரோ நீங்க சேரவே இல்ல, அவங்களுக்கு நீங்க என்ன கடன்பட்டிருக்கீங்க? நூல் விலை எல்லாருக்கும் ஒண்ணுதான், உங்க கணக்குப்படி நீங்க போடுங்க.

காடா துணி · செவ்வாய் 10:50

எழுதிக் குடுத்திருக்காருங்க. நீங்க நேர்மையாவே போட்டாலும், ஆர்டர் உங்களுக்கு வந்து, விலை அவரை விட ரெண்டு சென்ட் கம்மியா இருந்துச்சுன்னு வைங்க. அவரு நம்புவாரா?

மல்லிப்பூ_எச்ஆர் · புதன் காலை 6:05

எம்.டி.கிட்ட முழுக்கதை வேணாம். "சார், வேலை விஷயமா பேசப்போன எடத்துல இந்த ஸ்டைலைப் பாத்துட்டேன், இதோட காஸ்டிங் மட்டும் வேற யாராவது போடட்டும், பேட்டர்னும் சாம்பிளும் நான் பாத்துக்கறேன்"னு சொல்லு. விலைய அவரு கேட்டா சொல்லக்கூடாது, அங்கதான் உனக்குக் கஷ்டம் வரும்.

லேப்டிப் · புதன் மத்தியானம் 1:45

சொல்லிட்டேன். மொதல்ல கேட்டது "அவங்க என்ன ரேட்டு போட்ருக்காங்க"தான். சொல்ல மாட்டேன் சார், லெட்டர்ல எழுதிக் குடுத்திருக்கேன்னேன். கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிட்டு இருந்தாரு, அப்பறம் அந்த ஜூனியர் பொண்ணைக் கூப்ட்டு "இந்த ஹூடி காஸ்டிங்க நீ போடும்மா"ன்னுட்டாரு.